ஜூலை இரண்டு தடவை வந்த கதை: ஒரு ஹாட்வெயார் கடையின் வங்கிக் கணக்கைச் சுத்தம் செய்தது

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் உள்ள ஒரு ஹாட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, பெயின்ற், தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் விற்பார்கள். அவர்களுடைய கணக்கை மாதத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். தொகைகளையும் இலக்கங்களையும் மாற்றியிருக்கிறேன், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வரும்படிதான் மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கணக்கியலில் 'இரட்டைப் பதிவு' என்றால் அது நல்ல விஷயம்: ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரவு, ஒரு செலவு. இந்தக் கதையில் வருவது அது இல்லை. ஒரே கொடுக்கல் வாங்கல் இரண்டு தடவை புத்தகத்தில் ஏறியது. குழப்பம் வராமல் இருக்க அதை 'நகல்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

26,000 ரூபாய்க் காசோலை

2025 செப்டெம்பர் முதல் வாரத்தில் கடைக்காரர் ஒரு சீமெந்து ஏஜென்டுக்கு 26,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏஜென்டின் பில் 238,000. அடுத்த நாள் ஏஜென்ட் போன் எடுத்து, "என்ன அண்ணன், மிச்சம் எப்ப?" என்று கேட்டிருக்கிறார். "மிச்சம் என்ன மிச்சம், ஜூலையிலேயே 212,000 முற்பணம் தந்தாச்சே" என்று இவர் சொல்ல, இரண்டு பக்கமும் கொஞ்சம் சூடாகியிருக்கிறது. கணினித் திரையில் அப்படித்தான் இருந்தது. ஏஜென்டுக்கு 212,000 முற்பணம் இருப்பதாகவும், அது ஓகஸ்ட் பில்லில் கழிக்கப்பட்டு 26,000 மட்டும் மிச்சம் என்றும் மென்பொருள் காட்டியது.

எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, ஒருக்கா வந்து பாரும். ஒண்டு அவன் பொய் சொல்லுறான், இல்லாட்டி கணக்குப் பொய் சொல்லுது."

ஏஜென்ட் தன்னுடைய கணக்குக் கூற்றை அனுப்பியிருந்தார். அதில் ஜூலை மாதம் 212,000 ரூபாய்க் காசோலை ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஜூன் பில்லுக்குச் சரியாகக் கழிக்கப்பட்டிருந்தது. எங்கள் பேரேட்டில் அதே 212,000 இரண்டு தடவை இருந்தது. ஒன்று ஜூன் பில்லுக்கு, மற்றது 'முற்பணம்' என்று. வங்கிக் கூற்றைத் திறந்தால் அங்கே ஒன்றுதான். பொய் சொன்னது கணக்கு.

ஓகஸ்ட் 31 அன்று வங்கிக் கூற்றின் மீதி 612,480.25. அந்தத் திகதியில் கொடுத்து, வங்கிக்கு இன்னும் சமர்ப்பிக்கப்படாத காசோலைகள் இரண்டு, மொத்தம் 95,000. ஆகவே புத்தகத்தில் இருக்க வேண்டிய மீதி 517,480.25. மென்பொருள் காட்டியது 137,530.25. வித்தியாசம் 379,950.

பழைய பழக்கத்தில் அந்த எண்ணை வைத்து விளையாடிப் பார்த்தேன். இரண்டால் வகுத்தேன், பக்கம் மாறிப் பதிந்த தொகை அகப்படுமா என்று. 9 ஆல் வகுபடுகிறதா என்று பார்த்தேன், இலக்கம் இடம் மாறியிருந்தால் வகுபடும். எதுவும் இல்லை. இல்லாததும் சரிதான், ஏனென்றால் அது ஒரு பிழையின் தொகை இல்லை. வரவும் கொடுப்பனவுமாகப் பல நகல்கள் ஒன்றையொன்று தின்று மிஞ்சியது அது. பரீட்சை மீதி முழுநேரமும் சமப்பட்டே இருந்தது. நகலும் முறையான வரவு செலவோடுதான் ஏறுகிறது, ஆகவே பரீட்சை மீதியால் அதைப் பிடிக்க முடியாது.

ஏன் மென்பொருள் தடுக்கவில்லை

ஜூலைக் கூற்றை ஓகஸ்ட் 4 அன்று நானே ஏற்றினேன். வங்கியின் தளத்தில் இறக்கிய சிஎஸ்வி கோப்பைத் திறக்காமல் அப்படியே ஏற்றினேன். 64 வரிகள். செப்டெம்பர் 1 அன்று கடைக்காரரின் மகள், ஏ.எல். வர்த்தகப் பிரிவு முடித்த பிள்ளை, ஓகஸ்ட் கூற்றை ஏற்றியிருக்கிறார். வங்கித் தளத்தில் திகதியைத் தெரிவு செய்யும்போது ஜூலை 1 முதல் ஓகஸ்ட் 31 வரை என்று கொடுத்துவிட்டார். ஜூலையின் 64 வரிகள், ஓகஸ்டின் 59 வரிகள், எல்லாமாக 123.

இதற்குத்தானே மென்பொருளில் நகல் சோதனை இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்த மென்பொருள் புதிதாக வரும் ஒவ்வொரு வரியையும் முன்பு ஏற்றிய வரிகளோடு ஒப்பிடும். திகதி, தொகை, தொடர்பு இலக்கம் மூன்றும் ஒன்றாக இருந்தால் தள்ளிவிடும். ஒன்று மாறினாலும் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளை கோப்பை எக்செல்லில் திறந்து, மேலே இருந்த வங்கி முகவரி வரிகளையும், 'மென்பொருளுக்குத் தேவையில்லாத' கடைசி நிரலையும் அழித்துவிட்டுச் சேமித்திருக்கிறார். வங்கி தந்த வரி இது:

```
16/07/2025,CHEQUE PAID,000412,-212000.00,391870.75
```

எக்செல்லில் சேமித்த பிறகு அது இப்படி ஆனது:

```
16/07/2025,CHEQUE PAID,412,-212000
```

எக்செல்லுக்கு 000412 என்பது ஒரு எண். எண்ணுக்கு முன்னால் சுழியம் எதற்கு என்று மூன்றையும் கழற்றிவிட்டது. தொகையின் .00 உம் போனது, ஆனால் தொகை அதேதான். வங்கிகளுக்கிடையே உடனே பணம் அனுப்பும் செஃப்ட்ஸ் மூலம் வந்த பணத்தின் தொடர்பு இலக்கம் 15 இலக்கம் நீளம். அதை எக்செல் 4.50718E+14 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வி ஆகச் சேமித்தால் திரையில் காட்டுவதைத்தான் எழுதும், ஆகவே மிச்ச இலக்கங்கள் திரும்பி வரவே வராது. திகதி தப்பியது, கணினியில் நாள் முதலில் வரும்படி அமைப்பு இருந்ததால். மாதம் முதலில் வரும் அமைப்பாக இருந்திருந்தால் ஜூலை 5 மே 7 ஆகியிருக்கும். அது வேறொரு நரகம்.

விளைவு என்ன? ஜூலையின் 64 வரிகளில் 11 க்குத் தொடர்பு இலக்கமே கிடையாது. வங்கிக் கட்டணம், கவுன்டரில் கட்டிய காசு போன்றவை. அவை மாறவில்லை, ஆகவே மென்பொருள் அவற்றைச் சரியாகத் தள்ளியது. மிச்சம் 53 வரிகள் புதியவை என்று உள்ளே வந்தன: 23 காசோலைகள், 26 வரவுகள், சம்பளத்துக்கு அனுப்பிய 4 கொடுப்பனவுகள். '11 நகல் வரிகள் தவிர்க்கப்பட்டன' என்று திரையில் செய்தி வந்ததாம். "அங்கிள், அதைப் பார்த்துத்தான் நகல் எல்லாம் போயிட்டுது எண்டு நினைச்சன்" என்றாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பாதி வேலை செய்யும் சோதனை, சோதனையே இல்லாததைவிட மோசமாக ஏமாற்றும்.

என் பங்குக் குற்றமும் உண்டு. ஓகஸ்ட் 5 அன்று ஜூலை மீதி வங்கியோடு ஒத்துப்போவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் வங்கிக் கணக்கிணக்கத்தை மென்பொருளில் முடித்து மூடவில்லை. ஜூலை 31 வரைக்கும் பூட்டுத் திகதியும் போடவில்லை. பூட்டியிருந்தால் ஜூலைத் திகதியில் ஒரு பதிவையும் மென்பொருள் எடுத்திருக்காது. கணக்கிணக்கத்தை முடித்திருந்தாலாவது, உண்மையான பதிவுகள் எல்லாம் 'இணக்கப்பட்டது' என்ற குறியோடு நின்றிருக்கும். குறி இல்லாத ஜூலைப் பதிவுகளை வடிகட்டினால் பத்து நிமிடத்தில் நகல்கள் தனியே வந்து நின்றிருக்கும். இரண்டும் இல்லாததால்தான் கீழே வரும் சுற்றுப் பாதை.

53 உம் எங்கே போயின

நகல் வரி என்பது ஒன்று, அதிலிருந்து உருவான பேரேட்டுப் பதிவு என்பது வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் துடைப்பத்தைக் கையில் எடுக்கக்கூடாது. ஏற்றிய வரி முதலில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் வந்து நிற்கும். யாராவது அதை ஒரு கணக்கில் பதிந்தால், அல்லது இருக்கும் பில் ஒன்றோடு பொருத்தினால்தான் அது புத்தகத்துக்குள் வரும். புத்தகத்துக்குள் வந்த பிறகு வரியை மட்டும் அழித்தால் பேரேட்டுப் பதிவு அப்படியே இருக்கும். குப்பையை எடுக்காமல் குப்பைத்தொட்டியை எடுத்துக்கொண்டு போன மாதிரி.

53 இல் 9, அதாவது 5 வரவுகளும் 4 காசோலைகளும், இன்னும் காத்திருப்பில் இருந்தன. அவற்றால் கெடுதல் இல்லை. மிச்சம் 44 புத்தகத்துக்குள் வந்திருந்தன.

21 வரவுகளில் 14 ஐ, 'CEFTS IN என்று வந்தால் விற்பனைக் கணக்கில் பதி' என்ற ஒரு தானியங்கி விதி விற்பனையில் சேர்த்துவிட்டது, 902,350 ரூபாய். அந்த விதியை யார் போட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் 7 வரவுகள், 624,400 ரூபாய், வாடிக்கையாளர்களின் கட்டப்படாத வேறு பில்களோடு பொருத்தப்பட்டிருந்தன. சம்பளம் 4, தொகை 138,400, சம்பளக் கணக்கில் இன்னொரு தடவை ஏறியிருந்தது. 19 காசோலைகளில் 5 கொள்வனவில், 366,800. மிச்சம் 14, வழங்குநர் முற்பணமாக, 1,401,500. ஏன் முற்பணம் என்றால், அந்தக் காசோலைகளின் உண்மையான பில்கள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. பொருத்த பில் இல்லை, பணமோ போயிருக்கிறது, சரி முற்பணம் என்று பதிந்திருக்கிறாள். பாடப்புத்தகப்படி பார்த்தால் பிழை சொல்ல முடியாது.

இதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. இலாபம் 397,150 கூடிக் காட்டியது. வரவேண்டிய கடன் 624,400 குறைந்திருந்தது. வழங்குநர்களிடம் இல்லாத முற்பணம் 14 இலட்சம். வங்கி மீதியில் தெரிந்த 379,950 இந்த எதற்கும் கிட்டவே இல்லை. யாராவது அந்த 379,950 ஐத் தொங்கல் கணக்கில் போட்டு வங்கியைச் சமப்படுத்தியிருந்தால், வங்கி மட்டும் அழகாக இருந்திருக்கும். கடன்பட்டோர், கடன்கொடுத்தோர், விற்பனை என்று மற்ற எல்லாம் அழுகிப் போயிருக்கும். ஒரு தொகையில் சரிக்கட்டும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் கணக்காய்வாளர் வரும்போது ஊரில் இருக்கமாட்டார்கள்.

பிடித்த விதம்

முதல் வேலை, பதிவுகளை நிறுத்தியது. இரண்டு நாளைக்கு யாரும் மென்பொருளைத் தொட வேண்டாம், பில்லைக் கையால் எழுதுங்கள் என்றேன். பிறகு வங்கிப் பேரேட்டையும், கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் பட்டியல்களையும் எக்செல்லுக்கு எடுத்து வைத்தேன். இந்த மென்பொருளில் காப்புப் பிரதி என்று வேறொன்றும் இல்லை. பின்னால் 'முதலில் என்ன இருந்தது' என்று கேட்டால் காட்ட இது மட்டும்தான்.

முழுத் தொகுதியையும் ஒரே சொடுக்கில் திரும்பப் பெறும் வசதி இருந்தது. அன்றைக்கே கண்டிருந்தால் அதைத்தான் அழுத்தியிருப்பேன். ஆனால் அதே தொகுதியில்தான் ஓகஸ்டின் 59 வரிகளும் இருந்தன. அவற்றை அந்தப் பிள்ளை ஒரு வாரம் இருந்து சரியாகப் பொருத்தியிருந்தாள். 53 ஐ எடுக்க 59 ஐக் கொல்வது புத்தியில்லை.

வங்கித் தளத்தில் ஜூலைக் கூற்றைப் புதிதாக இறக்கி, இந்தத் தடவை எக்செல்லில் `Data` பட்டியலில் `From Text/CSV` மூலம், தொடர்பு இலக்க நிரலை எழுத்து வகை என்று கொடுத்து எடுத்தேன். அதை `Bank` என்ற தாளிலும், எங்கள் வங்கிப் பேரேட்டை `Books` என்ற தாளிலும் வைத்தேன். இரண்டிலும் A நிரலில் திகதி, C இல் இலக்கம், D இல் தொகை. பிறகு `Bank` தாளில் ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சூத்திரம்:

```
=COUNTIFS(Books!A:A,A2,Books!D:D,D2)-COUNTIFS(Bank!A:A,A2,Bank!D:D,D2)
```

அந்தத் திகதியில் அந்தத் தொகை புத்தகத்தில் எத்தனை தடவை, வங்கியில் எத்தனை தடவை என்ற வித்தியாசம். சுழியம் என்றால் சரி, அதற்கு மேல் என்றால் அத்தனை நகல் கூட. ஒரே தொகை ஒரே நாளில் இரண்டு தடவை வந்த இடத்தில் அதே விடை இரண்டு வரியிலும் வரும், அதை ஒரு தடவைதான் எண்ண வேண்டும்.

இதில் 25 நகல்கள் அகப்பட்டன. 21 வரவுகள், 4 சம்பளம். காசோலை ஒன்றுகூட இல்லை! ஒரு நிமிடம் காசோலைகள் தப்பிவிட்டன என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நாங்கள் காசோலையைக் கொடுக்கும் நாளில் பதிகிறோம், வங்கியில் அது மாறுவது சில நாள் கழித்து. 000412 ஐ எடுங்கள். உண்மையான பதிவு ஜூலை 9 இல் இருந்தது, நகல் ஜூலை 16 இல். ஜூலை 16 ஐப் பார்த்தால் வங்கியிலும் ஒன்று, புத்தகத்திலும் ஒன்று, வித்தியாசம் சுழியம். புத்தகத்தில் இருந்த அந்த ஒன்று நகல்தான் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. பின்திகதியிட்ட காசோலையில் ஓடும் எங்கள் ஊர் வியாபாரத்தில் திகதியை நம்பித் தேடினால் இப்படித்தான் நடக்கும்.

ஆகவே காசோலைகளை இலக்கத்தை வைத்துத் தேடினேன். `Books` தாளில் பக்கத்தில் ஒரு நிரல் போட்டு, காசோலை இலக்கங்களை மட்டும் மறுபடி ஆறு இலக்கமாக்கினேன்:

```
=TEXT(C2,"000000")
```

412 உம் 000412 உம் ஒன்றாக வந்தன. இரண்டு தடவை வந்த இலக்கங்களை எண்ணினால் 19. இப்போது 25, 19, காத்திருப்பில் இருந்த 9, மொத்தம் 53. சோதனை தள்ளிய 11 ஐச் சேர்த்தால் 64. எண்ணிக்கை முழுதாக மூடும்வரை நான் ஒரு பதிவையும் அழிக்கவில்லை.

இனி, அந்தப் பிள்ளை அழித்த கடைசி நிரலுக்கு வருவோம். அது ஒவ்வொரு வரிக்குப் பிறகும் உள்ள வங்கி மீதி. மென்பொருளுக்கு அது தேவையில்லை என்பது உண்மை, ஆனால் ஒரு வரியின் கைரேகை அதுதான். ஜூலை 18 அன்று தம்பலகாமத்து வாடிக்கையாளர் ஒருவர் 50,000 அனுப்பியிருந்தார். அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு 50,000 அனுப்பியிருந்தார்.

```
18/07/2025,CEFTS IN,450718093312407,50000.00,418220.75
18/07/2025,CEFTS IN,450718101845519,50000.00,468220.75
```

எக்செல் தின்ற பிறகு இரண்டு இலக்கமும் 4.50718E+14. திகதி, தொகை, இலக்கம் எல்லாம் ஒன்று. புத்தகத்தில் அன்றைக்கு நாலு 50,000 இருந்தன. திகதியையும் தொகையையும் மட்டும் கொடுத்து எக்செல்லின் `Remove Duplicates` ஐ அழுத்தினால் ஒன்றை மட்டும் விட்டு மூன்றை எடுத்திருக்கும், அந்த மனிதர் உண்மையில் கட்டிய 50,000 காணாமல் போயிருக்கும். மீதி நிரலைப் பார்த்தால் 418,220.75, 468,220.75 என்று இரண்டு வேறு மீதிகள். ஆகவே இரண்டு உண்மை, இரண்டு நகல். ஒரே மாதிரி இருப்பது நகல் என்பதற்கு ஆதாரம் இல்லை, வங்கி எத்தனை தடவை சொல்கிறதோ அத்தனைதான் உண்மை. இந்தக் கைரேகைக்கும் ஒரு எல்லை உண்டு. அன்றைக்கே இறக்கிய கூற்றிலும் பின்னால் இறக்கிய கூற்றிலும் ஒரே நாளின் வரிகளை வங்கி வேறு ஒழுங்கில் தந்தால் இடையில் உள்ள மீதிகள் மாறும். நாளின் கடைசி மீதி மட்டும் மாறாது. அப்படியான நாளை முழு நாளாகத்தான் ஒப்பிட வேண்டும்.

எடுத்த ஒழுங்கு

சோடியில் எதை எடுப்பது, எதை விடுவது? தொகை ஒன்றுதானே, எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். அப்படியில்லை. முதற்பதிவு சரியான பில்லோடு பொருந்தி நிற்கிறது, நகல்தான் தவறான இடத்தில் தொங்குகிறது. ஆகவே எப்போதும் செப்டெம்பர் 1 க்குப் பிறகு உருவாக்கப்பட்டதையே எடுத்தேன். பதிவின் திகதியைப் பார்க்கக்கூடாது, இரண்டும் ஜூலைதான். பதிவு உருவாக்கப்பட்ட நேரம் மென்பொருளின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பில் இருந்த 9 ஐயும் 'விலக்கு' என்று குறித்தேன். அழிக்கவில்லை. விலக்கிய வரி ஒரு தனிப் பட்டியலில் கிடக்கும். நாளைக்கு மறுபடி யாராவது ஜூலையை ஏற்றினால் ஒப்பிட அதுவும் உதவும்.

சம்பளம் 4 சுலபம். பதிவைத் திரும்பப் பெற்றால் வரி காத்திருப்புக்குத் திரும்பும், பிறகு விலக்கு. புத்தக மீதி 137,530.25 இலிருந்து 275,930.25 ஆனது.

அடுத்து வரவுகள். விற்பனையில் போன 14 உம் அதே மாதிரி. பில்லோடு பொருந்திய 7 க்கு முதலில் பொருத்தத்தைக் கழற்ற வேண்டும், அப்போது பில் மறுபடி 'கட்டப்படாதது' ஆகும். இதில் கிண்ணியாக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் கதை பார்க்க வேண்டியது. அவர் ஜூலை 3 இல் 90 மூடை சீமெந்து எடுத்தார், 184,500 ரூபாய். ஜூலை 12 இல் கட்டிவிட்டார். ஜூலை 20 இல் இன்னொரு 90 மூடை, அதே விலை, அதே 184,500. ஜூலை 12 வரவின் நகல் வந்ததும் மென்பொருள், அதே ஆள், அதே தொகை, திறந்திருக்கும் பில் என்று ஜூலை 20 பில்லோடு தானாகப் பொருத்திக் காட்டியிருக்கிறது. பிள்ளை 'சரி' அழுத்தியிருக்கிறாள். பணம் வந்த திகதி பில்லின் திகதிக்கு முந்தியது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. முற்பணம் கட்டுபவர்களை விட்டுவிட்டால், பில்லுக்கு முன்பே கட்டப்பட்ட பில் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியது. அந்த 7 இல் 4 ஐ இந்த ஒரு வடிகட்டியே காட்டிக் கொடுத்தது.

21 வரவுகளும் வெளியே போனதும் புத்தக மீதி மறை 1,250,819.75 ஆகியது. கடைக்காரர் அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் வந்து நின்றார். "தம்பி, என்ன இது, வங்கியிலை பன்னிரண்டரை இலட்சம் மேலதிகப் பற்றோ?" என்று கேட்டார். பாதி அறுவைச் சிகிச்சையில் திரையை எட்டிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், போய்த் தேத்தண்ணி குடியுங்கள் அண்ணன் என்று அனுப்பினேன். இருந்தாலும் பிறகு யோசித்தேன், காசோலைகளை முதலில் எடுத்திருந்தால் அவருக்கு நெஞ்சு பதறியிருக்காது.

காசோலைகள்தான் நேரம் தின்றன. கொள்வனவில் இருந்த 5 உம் பத்து நிமிடம். முற்பணமாக இருந்த 14 இல் 11 சும்மா கிடந்தன, அவற்றையும் எடுத்தாயிற்று. மிச்சம் 3 ஐத் தொட்டால் மென்பொருள் விடவில்லை. அவை ஏற்கெனவே ஓகஸ்ட் பில்களில் கழிக்கப்பட்டிருந்தன. சீமெந்து ஏஜென்டின் 212,000 இவற்றில் ஒன்று. ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும்: ஓகஸ்ட் பில்லைத் திறந்து முற்பணத்தைக் கழற்றுவது, பிறகு முற்பணப் பதிவைத் திரும்பப் பெறுவது, கடைசியில் வரியை விலக்குவது. சில மென்பொருள்களில் இந்தத் தடை இல்லை, நேரே அழிக்க விடும். அப்போது பில் 'கட்டப்பட்டது' என்றே நிற்கும், அதற்குப் பின்னால் பணம் இருக்காது. தடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். கழற்றியதும் ஏஜென்டின் 238,000 பில் முழுதாகத் திறந்தது, அதில் புதிதாகக் கொடுத்த 26,000 போக 212,000 மிச்சம் என்று காட்டியது. ஏஜென்ட் கேட்டதும் அதைத்தான்.

19 காசோலைகளும் முடிந்ததும் புத்தக மீதி 517,480.25.

வங்கி ஒத்துவந்தது என்று கையைக் கழுவ முடியாது. 7 வரவுகளில் ஒன்றுக்கு நகலை விட்டுவிட்டு முதற்பதிவை எடுத்திருந்தாலும் வங்கி மீதி இதே 517,480.25 தான் வந்திருக்கும், தவறான பில் மட்டும் தீர்ந்திருக்கும். ஆகவே வழங்குநர் முற்பணக் கணக்கைத் திறந்தேன். அதில் நிற்க வேண்டியது ஓடு கம்பனிக்கு உண்மையிலேயே கொடுத்த 150,000 மட்டும், அது மட்டும்தான் நின்றது. பெரிய வழங்குநர்கள் நால்வரிடம் அவர்களுடைய கணக்குக் கூற்றை வாங்கி எங்கள் மீதியோடு ஒப்பிட்டேன். கடன்பட்டோர் பட்டியலைக் கடைக்காரரிடம் வாசித்தேன். யார் தரவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம், இந்த ஒரு விஷயத்தில் அவர் எந்த மென்பொருளையும்விட மேல்.

பதிவுகளை நான் திரும்பப் பெற்றேன், எதிர்ப்பதிவு போடவில்லை. காரணம், வரி ஆண்டு 2026 மார்ச் 31 வரை இருந்தது, ஜூலைக் கணக்கை வைத்து எந்த அறிக்கையும் அப்போது வெளியே போயிருக்கவில்லை. அந்தக் காலத்துக்கான வற் அறிக்கை கொடுத்தாயிற்று, அல்லது கடனுக்கு வங்கிக்குக் கணக்குக் கொடுத்தாயிற்று என்றால் பழைய மாதத்தைக் கிளறக்கூடாது. கொடுத்த கணக்கும் புத்தகமும் முரண்படும். அப்படியானால் நடப்பு மாதத் திகதியில், ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனியாக, காசோலை இலக்கத்தையும் காரணத்தையும் எழுதி எதிர்ப்பதிவு போட வேண்டும். கொடுத்த வற் அறிக்கையைத் திருத்துவது தனி வேலை.

ஜூலையையும் ஓகஸ்டையும் இணக்கம் முடித்து, பூட்டுத் திகதியை ஓகஸ்ட் 31 என்று போட்டேன். விற்பனையில் தானாகப் பதியும் விதியை எடுத்துவிட்டேன். இப்போது அது பரிந்துரைக்கும், பதியாது. கோப்பை எக்செல்லில் திறக்காமல் ஏற்றுவது என்பது அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லாமலே விளங்கியிருந்தது. இன்னொரு கடைக்காரரின் வங்கி ஓஎஃப்எக்ஸ் கோப்புத் தருகிறது. அதில் ஒவ்வொரு வரிக்கும் வங்கியே கொடுக்கும் `FITID` என்ற அடையாளம் இருக்கும், இரண்டாம் தடவை ஏற்றினால் மென்பொருள் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். இந்தக் கடையின் வங்கியில் சிஎஸ்வி மட்டும்தான். ஆகவே கடைசியாக ஏற்றிய திகதியை மேசையில் ஒட்டிய தாளில் எழுதி, அடுத்த கூற்றை அதற்கு மறுநாளிலிருந்து எடுக்கிறாள். ஏற்றி முடித்ததும் கூற்றின் கடைசி மீதியை அதே தாளில் எழுதி வைக்கிறாள்.

கொந்தராத்துக்காரருக்குக் கடைக்காரர் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நானும் பாத்தன், ரெண்டு மாசமா ஒருத்தரும் கேக்கேல்லையே எண்டு" என்றார் அவர். அடுத்த கிழமை 100,000 க்கு ஒன்றும் 84,500 க்கு ஒன்றுமாக இரண்டு காசோலை கொண்டுவந்து தந்தார், இரண்டாவது ஒக்டோபர் திகதியில்.